திரை மட்டும் கேட்டால் போதாது

“அவனை நேருக்கு நேர் பார்த்தால் எனக்குப் பேச்சே வராது. கோர்ட்டில் என்ன கேட்கலாம்?”

கத்திக்குத்து வழக்கில் சாட்சி சொன்ன என் அக்காவுக்குத் துணையாகப் போனவள் நான். சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நடுவே திரை வைக்கச் சொல்லலாம். நீதிபதியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் சாட்சியைப் பார்ப்பார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் பார்க்க முடியாது. ஆனால் குரல் கேட்கும். அதுவும் தாங்காது என்றால், வேறு அறையிலிருந்து வீடியோ இணைப்பில் சொல்ல அனுமதி கேளுங்கள்.

அக்காவுக்குத் திரை கிடைத்தது. கோட்டை விட்டது வராந்தாவில்! உள்ளே கூப்பிடும்வரை அவனுடைய உறவினர்கள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அவளையே முறைத்தார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட அவள் கை நிற்கவில்லை. அதனால் தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை, வீட்டு முகவரியை நீதிமன்றத்தில் உரக்கப் படிக்காமல் இருப்பது, இவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

விசாரணை நாளன்று காலையில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் நடக்காது. முன்கூட்டியே அரசு வழக்கறிஞரிடமோ விசாரணை அதிகாரியிடமோ எழுத்தில் கொடுங்கள். “பயமாக இருக்கிறது” என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, யார், என்ன வார்த்தை சொன்னார் என்று எழுதுங்கள். மிரட்டல் குறுஞ்செய்தி வந்திருந்தால் அழிக்கவே கூடாது.

குறுக்கு விசாரணையை மட்டும் எந்த ஏற்பாடும் தவிர்க்காது. திரைக்குப் பின்னால் இருந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார், பதில் சொல்லியாக வேண்டும். பெயரையே மறைப்பது மிக அரிதாகத்தான் கிடைக்கும்.