ஒப்பந்தத்தில் இல்லாத கார்பஸ் தொகைக்கு எழுதிய ஆட்சேபக் கடிதம்

சென்னைப் புறநகரில் நாங்கள் வாங்கிய 1,140 சதுர அடி அடுக்குமாடி வீட்டின் சாவியைப் பெறும் கட்டத்தில் பில்டரிடமிருந்து ஒரு கோரிக்கைக் கடிதம் வந்தது. ஒப்பந்தப்படி நான் கட்டவேண்டிய கடைசித் தவணை 3,90,000 ரூபாய். அதற்குக் கீழே, பிற்காலப் பெரிய செலவுகளுக்காகச் சேர்த்துவைக்கும் கார்பஸ் நிதி சதுர அடிக்கு 60 ரூபாய் வீதம் 68,400, கார் பார்க்கிங் ஒதுக்கீட்டுக் கட்டணம் 2,50,000, மாதம் 4,560 வீதம் இரண்டாண்டுப் பராமரிப்பு முன்பணம் 1,09,440 என மேலும் மூன்று வரிகள் இருந்தன. மொத்தத்தையும் ஏழு நாளுக்குள் கட்டினால்தான் சாவி என்றது கடிதம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "எல்லா பில்டரும் வாங்குவதுதானே" என்று கட்டிவிட்டார்கள்; மீதிப் பேர் ஒரு பைசாவும் தரமாட்டோம் என்றார்கள். இரண்டாவது நிலைப்பாடுதான் அதிக ஆபத்தானது என்பது என் கருத்து. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 19(6)-இன்படி ஒப்பந்தத் தவணையை உரிய காலத்தில் செலுத்துவது நம் கடமை. மொத்தப் பணத்தையும் நிறுத்திவைத்தால், தவறியவர் நாம் என்று பில்டர் வட்டி கேட்க வழி கிடைத்துவிடும். அதனால் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, தகராறில்லாத 3,90,000 ரூபாயைச் செலுத்த ஆயத்தமாக இருப்பதையும், வங்கிக் கடனின் கடைசிப் பகுதிக்கு விண்ணப்பித்திருப்பதையும் எழுதினேன்.

அடுத்து, மூன்று வரிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி மறுக்காமல் தனித்தனியாகப் பிரித்தேன். பார்க்கிங் விஷயம் எளிது: கட்டுமான ஒப்பந்தத்தின் அட்டவணையில் "ஒரு மூடிய கார் நிறுத்துமிடம் உட்பட" என்று மொத்த விலைக்குள்ளேயே அது அடங்கியிருந்ததால், பக்க எண்ணைக் குறிப்பிட்டு, அதே இடத்துக்கு இரண்டாம் முறை விலை கேட்க எந்த ஷரத்து அனுமதிக்கிறது என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் பார்க்கிங் பற்றிப் பேச்சே இல்லாதவர்கள், தமக்கு ஒதுக்கப்படும் இடம் திறந்தவெளியா என்று முதலில் பார்க்கவேண்டும். திறந்தவெளி நிறுத்துமிடங்களைச் சட்டத்தின் பிரிவு 2(n) பொதுப் பகுதிகளில் சேர்த்திருப்பதால், அதற்குத் தனி விலை கேட்பதை ஆட்சேபிக்கலாம்.

பராமரிப்பில் கவனம் தேவை. வீட்டு உரிமையாளர்கள் சங்கம் பொறுப்பேற்கும்வரை நியாயமான கட்டணத்தில் அத்தியாவசியச் சேவைகளைத் தருவது பில்டரின் பொறுப்பு என்று பிரிவு 11(4)(d) சொல்கிறது. "நியாயமான" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பேசவேண்டும். என் ஒப்பந்தத்தில் பராமரிப்புக் கட்டணத்துக்கான ஷரத்து இருந்தது, இரண்டாண்டு முன்பணம் இல்லை. ஆகவே கட்டணத்தை மறுக்காமல், ஒப்படைப்பு நாளிலிருந்து மாதாமாதம் செலுத்துவதாகவும், லிஃப்ட், காவலாளி, பொது மின்சாரம் ஆகியவற்றின் மதிப்பீட்டைத் தருமாறும் எழுதினேன்.

கார்பஸ்தான் சிக்கலானது. பிற்காலத்தில் லிஃப்ட் மாற்றவும் கட்டடத்துக்கு வண்ணம் பூசவும் அப்படியொரு நிதி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அது வீட்டு உரிமையாளர்களின் பணம். பில்டரின் நடப்புக் கணக்கில் போய்ச் சேரவேண்டியதன்று. எழுதியது இதுதான்: "ஒப்பந்தத்தில் குறிப்பிடப்படாததால் இத்தொகை எனக்குப் பிணைப்பானது அல்ல. சங்கம் பதிவாகி அதன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கப்பட்டபின், பொதுக்குழு தீர்மானிக்கும் தொகையை அக்கணக்கில் நேரடியாகச் செலுத்துவேன்." கூடவே, ஏற்கெனவே கட்டியவர்களின் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்றும் கேட்டேன். விற்பனைப் பிரிவில் யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும், அதன் நகலை மின்னஞ்சலிலும் அனுப்பினேன். தொலைபேசியில் வந்த சமாதானங்களுக்கு, "எழுத்தில் தாருங்கள் சார்" என்பதற்கு மேல் பதில் சொல்லவில்லை. கடிதத்தைவிட முக்கியமானது, ஒப்படைப்பின்போது நீட்டப்படும் தாள்கட்டு. "எனக்கு எவ்விதக் கோரிக்கையும் ஆட்சேபமும் இல்லை" என்ற ஒரு வரி அதில் எங்கேனும் இருக்கும். எங்களுக்கு அது சாவிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் ரசீதின் அடியில், சிறிய எழுத்தில் இருந்தது. அதை அடித்துவிட்டு, "என் ஆட்சேபக் கடிதத்துக்கு உட்பட்டு" என்று கையால் எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டேன்.

வாடகை வீட்டைக் காலிசெய்தாகவேண்டிய நெருக்கடியில் பணத்தைக் கட்டித்தான் தீரவேண்டும் என்றால், ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகச் செலுத்தி, எதிர்ப்புடன் செலுத்துவதாக அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிரிவு 31-இன்கீழ் ஒழுங்குமுறை ஆணையத்தில் திருப்பிக் கேட்கும்போது, விரும்பித்தான் கொடுத்தார்கள் என்று பில்டர் வாதிடுவதற்கு அது இடம் தராது.

எனக்கு வந்த திருத்திய கோரிக்கையில் பார்க்கிங் வரி நீங்கியிருந்தது, பராமரிப்பு முன்பணம் மூன்று மாதமாகக் குறைந்திருந்தது. கார்பஸ் இன்னும் இருக்கிறது, ஆனால் "சங்கக் கணக்கில் செலுத்தத்தக்கது" என்ற குறிப்புடன். சங்கத்தின் பதிவு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. முன்பே கட்டியவர்களின் பணத்தை அந்தக் கணக்குக்கு மாற்றக் கோரும் கூட்டுக் கடிதத்தில் இப்போது கையொப்பங்கள் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.