ஒரே சொல்லுக்குள் அடைக்காதீர்கள்

"மதத்தில் சேரும் சடங்குகளைப் பற்றிய மூன்று நிமிட வீடியோவில், எல்லா மதங்களிலும் ஞானஸ்நானம் உண்டு என்று ஆரம்பிக்கலாமா?"

வேண்டாம். அது கிறிஸ்தவச் சொல். மற்றவர்களின் சடங்கை அதன் நகலாகக் காட்டிவிடும். சீக்கியரின் அம்ரித் சஞ்சார் என்ற தீட்சைச் சடங்கையே பாருங்கள். இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பதாசா என்ற சர்க்கரை வில்லைகளைப் போடுவார்கள். ஐந்து பேர் சுற்றி அமர்ந்து பாணி எனப்படும் ஐந்து புனிதப் பாடல்களை ஓதியபடி இருபுறமும் கூரான கண்டா என்ற வாளால் கலக்குவார்கள். தீட்சை பெறுபவர் அதை ஐந்து முறை கையில் ஏந்திக் குடிக்கிறார். கண்களில் ஐந்து முறை, தலைமுடியில் ஐந்து முறை தெளிக்கிறார்கள். அங்கே யாரும் மூழ்குவதில்லை. 1699-இல் குரு கோவிந்த் சிங் தொடங்கிய கால்சா என்ற தீட்சை பெற்ற சீக்கியர் சமூகத்துக்குள் நுழையும் வழி இது. "சீக்கிய ஞானஸ்நானம்" என்று சொல்லிவிட்டால் அந்த வாளும் இனிப்பும் எதற்கு என்று கேட்கவே தோன்றாது.

யூத மதத்துக்கு மாறுகிறவர் மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுதாக மூழ்க வேண்டும், உடலுக்கும் தண்ணீருக்கும் நடுவே உடையோ மோதிரமோகூட இருக்கக் கூடாது. அதனால் அந்தக் காட்சியை நடித்துக்கூடக் காட்டாதீர்கள். தண்ணீருக்குள் இறங்கும் காலிப் படிகளை மட்டும் காட்டினால் போதும், பேச்சு மிச்சத்தைச் சொல்லும். ஒவ்வொரு பகுதியையும் அந்தந்த மதத்தவர் ஒருவரிடம் போட்டுக் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.