"என்னப்பா வேணும்?" என்று கேட்பதை நிறுத்தினோம்

போன வருஷம் ஆடி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போய்விட்டது. ஐந்தாவது வாரம் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்தான்: "வந்துரு". காப்பி வேண்டுமென்றாலும் வந்துரு, கால் வலித்தாலும் வந்துரு, கோபம் வந்தாலும் வந்துரு.

வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். "என்னப்பா வேணும்?" பதில் வராவிட்டால் இன்னும் சத்தமாகக் கேட்போம். அவருக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அவர் எதிரிலேயே "நெனவு இருக்கா?" என்று அம்மாவிடம் விசாரித்தார்கள். அப்போது அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

இதற்கு அஃபேசியா என்று பெயர். வாயோ நாக்கோ செயலிழப்பது வேறு, இது வேறு. மூளையில் மொழியைக் கையாளும் பகுதி அடிபடுவதால் வருவது. பெரும்பாலானோருக்கு அந்தப் பகுதி இடது பக்கம் இருக்கிறது. பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-இல் பாரிஸில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதர் எதற்கும் "தான்" என்ற ஓசையை மட்டுமே சொல்வாராம், ஆனால் பிறர் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்ததாம். எங்கள் வீட்டு "வந்துரு"வும் அதே வகைதான். ஆசையும் நினைவும் கோபமும் உள்ளே அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கான சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. "என்ன வேணும்?" என்ற கேள்வி அந்த அடைபட்ட வழியாகவே வரச் சொல்கிறது. பேச்சிழந்தவரிடம் இதைவிடக் கடினமான கேள்வி கிடையாது.

அடுத்து நாங்கள் செய்த தப்பு, அடுக்கடுக்காகக் கேட்டது. "காப்பியா? தண்ணியா? பாத்ரூமா? ஃபேன் போடணுமா?" அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சரி, காப்பிதான் என்று கொண்டுவந்தால் தட்டிவிட்டார். பிடிவாதம் என்று நினைத்தோம். அஃபேசியாவில் பலருக்கு "ஆமா", "இல்ல" இரண்டுமே இடம் மாறி விழும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. இல்லை என்று நினைத்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டுவார்கள். அதோடு, காதில் விழும் சொல் உடனே கரைந்துவிடும். நான்காவது சொல்லைக் கேட்கும்போது முதல் சொல் அவரிடம் இருக்காது.

வழி காட்டியவர் ஒரு பெண் பேச்சுப் பயிற்சியாளர். அப்பாவுக்கு நேராக உட்கார்ந்து, ஒரு கோடு போடாத நோட்டையும் தடிமனான கறுப்பு மார்க்கரையும் எடுத்தார். "சாப்பாட்டைப் பத்திக் கேக்கறேன்" என்று முதலில் சொன்னார். பிறகு ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சொற்கள்: இட்லி, கஞ்சி, பழம். ஒவ்வொன்றையும் விரல் வைத்து ஒருமுறை வாசித்தார். அப்புறம் பேசவே இல்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது, அவர் கையமர்த்தினார். மெதுவாகப் பத்து எண்ணுகிற நேரம் கழித்து அப்பாவின் இடது கை நகர்ந்து "கஞ்சி"மேல் நின்றது. ஐந்து வாரத்தில் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

அமெரிக்காவில் கேத்ரின் காரெட், டேவிட் பியூக்கல்மன் என்ற இருவர் 1990-களில் வடிவமைத்த முறை இது. சொற்களை எழுதிக் காட்டித் தேர்ந்தெடுக்க வைப்பது, அவ்வளவுதான். செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா. ஆனால் செய்வதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன, அவற்றை விட்டால் பலிக்காது. சொற்களைப் பக்கவாட்டில் எழுதக்கூடாது. இடது மூளை அடிபட்டவர்களில் பலருக்கு வலது பக்கப் பார்வையும் குறைந்திருக்கும், வரிசையின் கடைசிச் சொல் கண்ணிலேயே படாது. அதனால்தான் ஒன்றின் கீழ் ஒன்று, நோட்டும் அவருக்குச் சற்று இடப்பக்கமாக. சொல் குட்டியாக இருக்க வேண்டும், அவர் வாயில் புழங்கிய சொல்லாகவும் இருக்க வேண்டும். "நீர்" என்று எழுதினால் அப்பா முழித்தார், "தண்ணி" என்றதும் கை போனது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சொற்களைச் சேர்த்து எழுதாதீர்கள். ஒரு நாள் பால், பாய், பழம் என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் திண்டாடினேன்.

ஏன் மூன்று என்று என் தம்பி கேட்டான். இரண்டு எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பாதிக்குப் பாதி சரியாகிவிடும், அவர் தேர்ந்தெடுத்தாரா கை தற்செயலாகப் பட்டதா என்று நமக்குத் தெரியாது. ஐந்து, ஆறு என்று போனால் கண்ணும் கவனமும் களைத்துப்போகும். மூன்று அவருக்கும் தாங்குகிறது, நமக்கும் ஓரளவு உறுதி தருகிறது. அந்த உறுதியை இன்னும் கூட்ட ஒரு வழி உண்டு. அவர் தொட்டபின் பக்கத்தைத் திருப்பி, அதே மூன்றை வரிசை மாற்றி எழுதி மறுபடி கேட்க வேண்டும். சும்மா தொடுகிறவர் இரண்டு முறையும் ஒரே சொல்லைத் தொட, மூன்றில் ஒரு வாய்ப்புதான். நாம் நினைத்த குறிப்பிட்ட ஒரு சொல்லையே இரண்டு முறையும் தற்செயலாகத் தொட ஒன்பதில் ஒன்று.

வரிசை மாற்றிக் கேட்டதால்தான் இன்னொன்றும் பிடிபட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அப்பா எப்போதும் கடைசி வரியையே தொட்டார், அங்கே எந்தச் சொல் இருந்தாலும். களைத்துவிட்டார், படிக்கவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் நோட்டை மூடிவிடுவோம். டம்ளர், துண்டு, போர்வை என்று பொருளையே எதிரில் வைப்போம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும், படிக்கும் திறனே அடிபட்டவர்களுக்கும் பகலிலும் இப்படிப் பொருளாகவோ படமாகவோதான் காட்ட வேண்டும். சிலருக்கு மூன்றே அதிகம், இரண்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். மத்தியானம் மூன்று மணியிலிருந்து அப்பா ஒரே தவிப்பு. வாசலைக் காட்டி "வந்துரு, வந்துரு" என்கிறார். அம்மா யாரோ வருகிறார்கள் என்று நினைத்து இரண்டு முறை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் நோட்டை எடுத்தேன். முதலில் "உங்களுக்குத் தெரியும்ப்பா, சொல்லத்தான் வரல" என்று சொன்னேன். இதைச் சொல்வது முக்கியம். கனடாவில் டொரான்டோவில் அஃபேசியா உள்ளவர்களோடு உரையாடுவது எப்படி என்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆரா ககன் இதை ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுத்தார். உங்கள் அறிவை நான் சந்தேகிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அந்த முகத்தில் பாதி இறுக்கம் தளர்கிறது.

எடுத்த எடுப்பில் காப்பி, தண்ணி என்று எழுதவில்லை. முதலில் பெரிய வட்டம்: உடம்பு, வீடு, கடை. அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே "வேற". அப்பா "கடை"யைத் தொட்டார். அவருடைய சைக்கிள் கடை, அப்போது பூட்டிக் கிடந்தது, கடைப் பையன் மட்டும் தினம் வந்து பழைய வேலைகளை முடித்துக்கொண்டிருந்தான். வரிசை மாற்றிக் கேட்டேன், மறுபடி கடை. அடுத்த பக்கம்: சாவி, வாடகை, சாமான். எதையும் தொடவில்லை. கோட்டுக்குக் கீழே "வேற"மேல் விரலால் இரண்டு தட்டு. அடுத்து: பூட்டு, பையன், கடன். "பையன்". அடுத்து: லீவு, சண்டை, சம்பளம். "சம்பளம்"மேல் கை போய் எடுக்கவே இல்லை. அப்போதுதான் அன்றைக்குச் சனிக்கிழமை என்பது உறைத்தது. முப்பது வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுத்த மனிதர். நாங்கள் ஐந்து வாரமாக அந்தப் பையனுக்கு ஒரு பைசா தரவில்லை, அவனும் கேட்கவில்லை. அன்றைக்கே கூப்பிட்டு ஐந்து வாரச் சம்பளத்தையும் அப்பாவின் இடது கையால் கொடுக்க வைத்தோம்.

அந்த "வேற" இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாவி, வாடகை, சாமான் மூன்றில் ஒன்றை வேறு வழியில்லாமல் தொட்டிருப்பார், நானும் கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு ஹவுஸ் ஓனருக்கு வாடகை அனுப்பியிருப்பேன். இந்த முறையின் பெரிய குறையே இதுதான். மூன்றையும் எழுதுவது நாம். அவர் மனசில் இருப்பது நம் புத்தியில் தோன்றாவிட்டால் அது நோட்டில் வரவே வராது. தேர்ந்தெடுப்பவர் அவர் என்று நாம் நினைப்போம், உண்மையில் நம் ஊகத்துக்குள்தான் அவர் நடமாடுகிறார். அதனால் எப்போதும், எந்தப் பக்கத்திலும், அந்தக் கோடும் "வேற"வும் இருந்தே ஆக வேண்டும். மூன்றும் நமக்கு வசதியான மூன்றாக இருக்கவும் கூடாது. தூக்கம், டிவி, சாமி பாட்டு என்று எழுதினால் அவர் படுக்கையைவிட்டு எழ வேண்டாம் என்று நாமே முடிவு செய்துவிட்டோம் என்றுதான் பொருள். "வெளிய போகலாம்" என்பதை எழுதினால் நாற்காலியை உருட்ட ஒரு ஆள் வேண்டும், ஆனாலும் எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. சொந்தத்தில் ஒருவர், அப்பா பேரில் இருக்கும் மனையைப் பற்றி இதே நோட்டில் எழுதிக் கேட்கலாமே என்றார். அவர் எழுதிக் காட்டிய மூன்று: "விக்கலாம், பையனுக்கு, பொண்ணுக்கு". அப்பா நடுவில் தொட்டார். தம்பிக்கே அது பிடிக்கவில்லை. வரிசை மாற்றிக் கேட்டால் மறுபடி நடுவில், இந்த முறை அங்கே இருந்தது "விக்கலாம்". கஞ்சியா இட்லியா என்பதற்குப் போதுமான முறை சொத்துக்குப் போதாது. விற்றால் என்ன ஆகும், எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதைப் பேச்சுப் பயிற்சியாளரும் மருத்துவரும் சோதித்துச் சொல்ல வேண்டும். வக்கீலையும் உடன் வைத்துக்கொண்டு, வேறு வேறு நாட்களில், காலை வேளையில் கேட்க வேண்டும். அவர் தொட்ட விரலைக் காட்டி "அவரே சொல்லிட்டார்" என்பது பேச முடியாத மனிதருக்குச் செய்யும் துரோகம்.

அன்றைக்கு அந்த உறவினர் போனபிறகு அப்பாவிடம் நோட்டை நீட்டினேன். மனைப் பேச்சை எப்போ வச்சுக்கலாம் என்று கேட்டு, இப்போ, அப்புறம், வேண்டாம் என்று எழுதியிருந்தேன். "அப்புறம்" என்பதைத் தொட்டார். வரிசை மாற்றினேன், மறுபடி "அப்புறம்". பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.