நாய் கடித்ததை விட இந்தப் பில் கடிதான் வலிக்கிறது

நாய் கடிக்க ஐந்து நொடிகூட ஆகியிருக்காது. அந்தச் செலவைத் திருப்பிக் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்து இன்றோடு நாற்பத்தோரு நாள்.

காட்பாடியில் எங்கள் மாடி போர்ஷனில் மலேசியாவிலிருந்து படிக்க வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். இரவு ஒன்பதரை மணிக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனவளின் கெண்டைக்காலைத் தெருநாய் கவ்விவிட்டது. நல்ல ரத்தம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனால் ஊசி இலவசம், தெரியும். அந்த நேரத்தில், அழுகிற பிள்ளையோடு ஊரைக் கடந்து போக எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடினோம்.

டாக்டரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொன்னார். காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே தடுக்கிற இம்யூனோகுளோபுலின் மருந்து, கையில் ரேபிஸ் தடுப்பூசி, டெட்டனஸுக்கு ஒரு டிடி. எல்லாம் முறைப்படி. வினை பில் கவுன்டரில்தான் உட்கார்ந்திருந்தது.

'சிகிச்சைக் கட்டணம் ரூ. 3,850.' அவ்வளவுதான் பில். ஒரே வரி!

"இன்சூரன்ஸுக்கு வேணும், பிரிச்சுப் போட்டுக் குடும்மா" என்றேன். "எல்லாருக்கும் இப்படித்தான் ஆன்ட்டி குடுக்கிறோம்" என்றாள் கவுன்டர் பெண். மளிகைக் கடைக்காரர்கூடப் பருப்பு தனி, புளி தனி என்றுதானே எழுதித் தருகிறார்?

நம் ஊர் பாலிசிகள் பெரும்பாலும் ஒரு நாள் படுத்தால்தான் பணம் தரும். இவளுடையது சொந்த நாட்டில் வாங்கிய பயணக் காப்பீடு, அவசரத்துக்குப் போகிற வெளிநோயாளி செலவும் அதில் அடங்கும். அதனால் நம்பிக்கையோடு கடிதம் எழுதி, பில்லை இணைத்து அனுப்பினோம். எது எதற்கு எவ்வளவு என்று கேட்டுத் திருப்பி விட்டார்கள். நான்கு நடை நடந்து பிரித்த பில் வாங்கினேன். உடனே அடுத்த கேள்வி: இம்யூனோகுளோபுலின் ஏன் இரண்டு குப்பி?

ஏன் என்றால் அந்த மருந்தை எடை பார்த்துத்தான் போடுவார்கள். குதிரை சீரத்தில் செய்தது கிலோவுக்கு 40 யூனிட். இவள் 52 கிலோ, ஆக 2,080 யூனிட். ஒரு குப்பியில் இருப்பது 1,500. ஒன்று போதாது, இரண்டை உடைத்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கைக் கடிதத்தில் நானே எழுதினேன். டாக்டர் சீட்டில் எடை இல்லை என்று மறுபடியும் திருப்பினார்கள்.

அந்தச் சீட்டில் இருந்ததே 'நாய்க்கடி, ஊசி போடப்பட்டது' என்ற இரண்டு வார்த்தை சமாசாரம்தான். அதை வைத்துக்கொண்டு அடுத்த குண்டைப் போட்டார்கள்: தடுப்பூசிக்குப் பாலிசியில் இடமில்லையாம். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? சுற்றுலா போகும் முன் போட்டுக்கொள்கிற ஊசியா இது? பல் பதிந்த பிறகு, அன்றைக்கும், அப்புறம் 3, 7, 14, 28 என்று நாள் எண்ணிப் போடுகிற சிகிச்சை. இதில் நம் ஊர் பாலிசிகள் எவ்வளவோ தேவலை. தடுப்பூசியை விலக்குகிற இடத்திலேயே, கடித்த பின் போடுவது மட்டும் விதிவிலக்கு என்று பலவற்றில் எழுதியிருக்கும்.

டாக்டரிடமே போய் நின்றேன். பத்தே நிமிடத்தில் லெட்டர்ஹெட்டில் புதிதாக எழுதித் தந்தார். வந்த தேதி, நேரம், எடை. தோல் கிழிந்து ரத்தம் வந்த மூன்றாம் வகைக் கடி. கடிக்குப் பிந்தைய அவசர சிகிச்சை, நடுவில் நிறுத்த முடியாது. மீதி நான்கு ஊசிகளின் தேதிகள். கீழே கையெழுத்து, பதிவு எண், சீல். முதல் ராத்திரியே இதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சரி, முடிந்தது என்று நினைத்தால் பெயரில் பிடித்தார்கள். பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' இருக்கிறது. மலாயில் இன்னாரின் மகள் என்று அர்த்தம். கிளினிக்கில் நம் வழக்கப்படி இனிஷியல் போட்டு எழுதிவிட்டார்கள். ஆக, கடிபட்டவள் வேறு, கேட்கிறவள் வேறாம்! அவளுக்கு யுபிஐ இல்லாததால் பணம் கட்டியது என் போனிலிருந்து. அதற்குத் தனியாக ஒரு விளக்கக் கடிதம். பில்லில் பெயரைத் திருத்தி சீல் வாங்க இன்னும் இரண்டு நடை.

நேற்று ஒரு புதுப் படிவம் வந்திருக்கிறது. விபத்துக்குக் காரணமானவரின் பெயர், முகவரி, தொடர்பு எண் வேண்டுமாம். மாடிப் பெண் நிதானமாக நிரப்பினாள்: தெருநாய், பழுப்பு நிறம், பால் பூத் வாசல், இரவு ஒன்பது மணிக்கு மேல் இருக்கும்.