மழைக்கு லீவு விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடுவது

குளுவாங் பக்கம் மழைக்காலம் என்றால் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். டிசம்பரில் எங்கள் அண்ணி வேலை செய்கிற செம்பனைத் தோட்டத்தில் பாதி நாள் பெரட்டுக் களத்திலேயே முடிந்துவிடும். காலையில் ஆறு மணிக்கு ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு போய் நிற்பார்கள், மண்டோர் வானத்தைப் பார்ப்பார், அப்புறம் "இன்னைக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போங்க, ஞாயித்துக்கிழமை வந்து ஈடு கட்டிக்கலாம்" என்பார். எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். நான் சின்னப் பையனாக லயத்தில் இருந்த காலத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன், அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. மழை பெய்தால் துரை என்ன செய்வார் பாவம் என்றுதான் அம்மாவே சொல்வார்.

இப்போது நான் டவுனில் ஒரு டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணி சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து "தம்பி, இது சரியா பாரு" என்று கொடுத்தார். 19 நாள், நாளுக்கு 65 வெள்ளி 38 காசு, மொத்தம் 1,242 வெள்ளி 22 காசு. கிறிஸ்துமஸ் சம்பளம் தனியாகப் போட்டிருந்தார்கள், அதில் தகராறு இல்லை. பெருக்கிப் பார்த்தால் கணக்கும் சரிதான். ஆனால் அந்த 19 நாளில் எத்தனை ஞாயிறு, எத்தனை சாதாரண நாள் என்று சீட்டில் எங்கேயும் இல்லை.

நல்ல வேளை, அண்ணி வீட்டு அடுப்படியில் நகைக்கடைக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. வேலை செய்த நாளுக்கு வட்டம், பெரட்டுக்குப் போய் மழையால் திரும்பிய நாளுக்குப் பேனாவில் சின்னதாக ஒரு 'ம'. இதை அவர் சட்டத்துக்காக எழுதவில்லை, சீட்டு கட்டப் பணம் தேறுமா என்று பார்க்க எழுதியது. அதை எடுத்து வைத்து எண்ணினோம். சாதாரண நாள் வட்டம் 17. ஞாயிறு வட்டம் 2, இரண்டும் முழு நாள். மீதியெல்லாம் 'ம'.

1955 வேலைச் சட்டம் இருக்கிறதே, மெர்டேக்காவுக்கு 2 வருஷம் முந்தியது, அதில் 16வது பிரிவு தோட்டத்துக்கென்றே எழுதியது. நாள் கணக்கில் கூலி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்துக்கு 24 நாளாவது முதலாளி வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனாலும், ஆள் வேலைக்குத் தயாராகவும் உடம்பு சரியாகவும் இருந்தால், குறைகிற நாளுக்கும் அதே கூலியைக் கொடுத்தாக வேண்டும். அதாவது மழையால் வரும் நஷ்டத்தைச் சட்டம் முதலாளி தலையில் வைக்கிறது, பெரட்டில் நிற்கிற பொம்பளை தலையில் இல்லை. ஒரு வாரத்துக்கு 6 நாளுக்கு மேல் இந்த 24க்குள் எண்ண முடியாது, அதனால் ஓய்வு நாளில் வேலை வாங்கி 24ஐ நிரப்பிவிட்டேன் என்று சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை.

அடுத்தது அந்த 'ஈடு கட்டுற' ஞாயிறு. நாள் கூலிக்காரர் ஓய்வு நாளில் பாதி நாள் வரை வேலை செய்தால் ஒரு நாள் கூலி, அதற்கு மேல் முழு நாள் வரை செய்தால் இரண்டு நாள் கூலி. இது 60வது பிரிவு. "நாங்க ஓய்வு நாளைப் புதன்கிழமைக்கு மாத்திட்டோம்" என்று ஆபீசில் சொல்வார்கள், சொன்னார்கள். மாற்றலாம், ஆனால் காலையில் வானத்தைப் பார்த்து மாற்ற முடியாது. ஓய்வு நாள் மாறி மாறி வருவதென்றால் மாதம் பிறக்கும் முன்பே பட்டியல் போட்டுத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அது 59வது பிரிவு. அந்தத் தோட்டத்து நோட்டீஸ் பலகையில் இருப்பது, ஓய்வு நாள் ஞாயிறு என்று வெயிலில் வெளுத்துப்போன ஒரு பழைய தாள். அதை நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 24இல் 17 போனால் 7 நாள் குறைச்சல், அது 457 வெள்ளி 66 காசு. இரண்டு ஞாயிறுக்கும் ஒற்றைக் கூலிதான் போட்டிருக்கிறார்கள், இன்னும் ஒவ்வொரு நாள் கூலி வர வேண்டும், அது 130 வெள்ளி 76 காசு. ஆக மொத்தம் 588 வெள்ளி 42 காசு. ஒரே மாதத்தில்! மழை மாதம் வருஷத்துக்கு எத்தனை, அண்ணி அங்கே இருப்பது ஒன்பது வருஷம், மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். விடியற்காலை கூரையில் சத்தம் கேட்டதும் 'இன்றைக்கு எப்படியும் வேலை இருக்காது' என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால், நீங்கள் வேலைக்குத் தயாராக இருந்தீர்கள் என்று அப்புறம் எப்படிக் காட்டுவது? செக்ரோலில் உங்கள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றுதான் விழும். நனைந்தாலும் போய் நில்லுங்கள், திருப்பி அனுப்பினால் காலண்டரில் எழுதுங்கள். உடம்பு முடியவில்லை என்றால் அது வேறு கணக்கு: எம்சி எடுத்து 48 மணி நேரத்துக்குள் தோட்டத்துக்குத் தெரிவித்துவிடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுவே அத்தாட்சி. அண்ணி மாதிரி 5 வருஷம் தாண்டியவருக்கு வருஷத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு, தெரிவிக்காமல் விட்டால் அந்த எம்சி கையில் இருந்தும் சொல்லாமல் லீவு போட்டதாகிவிடும்.

எல்லோருக்கும் இந்த 24 நாள் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். குலை அறுத்து டன் கணக்கில் வாங்குகிறவர் நாள் கூலி இல்லை. அவர் பிடித்துக்கொள்ள வேண்டியது குறைந்தபட்சச் சம்பளம், டன் எவ்வளவு வந்தாலும் மாதத்துக்கு 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது. மாதத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவரும் அந்த மாதத்துக்கு 24 கேட்க முடியாது. சபா, சரவாக்கில் சட்டமே வேறு. காண்ட்ராக்டரிடம் இருக்கும் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிகள் முதலில் தங்கள் முதலாளி யார் என்று தாளில் பார்க்க வேண்டும், பாதிச் சண்டை அங்கேதான்.

அண்ணியும் நானும் ஆபீசுக்குப் போனோம். கிராணியார் மரியாதையாகத்தான் பேசினார். "ஞாயித்துக்கிழமைய பாத்து போட்டுத் தர்றேன்மா, ஆனா மழைக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பு?" என்றார். அடுத்த மாதச் சீட்டில் 130 வெள்ளி 76 காசு வந்தது. 457 வரவில்லை. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, அதிகாரி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடுவார். தாளெல்லாம் தயார்.

அண்ணன்தான் வேண்டாம் என்கிறார். "457 வெள்ளிக்காக வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்கடா போறது?" லயத்து வீடு என்பது இதுதான். தண்ணீர் இலவசம், வீட்டைப் பழுது பார்ப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று 1990 வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது, ஆனால் அந்த வீட்டில் இருந்துகொண்டு வாயைத் திறக்க மனிதனுக்குப் பயம். வெளியே வாடகை விற்கும் விலையில் அண்ணனைக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எனக்குக் கோபமெல்லாம், இதைத் தெரிந்தே வைத்துக்கொண்டு கூட்டத்தில் மாலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மேல்தான்.

அண்ணி இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் இந்த மாதத்திலிருந்து 'ம'வுக்குப் பக்கத்தில் மண்டோர் திருப்பி அனுப்பிய நேரத்தையும் எழுதுகிறார். பக்கத்து லயத்தில் இன்னும் மூன்று பேர் காலண்டர் வாங்கியிருக்கிறார்கள். உங்கள் தோட்டத்து நோட்டீஸ் பலகையில் ஓய்வு நாள் என்ன கிழமை என்று போட்டிருக்கிறது? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள், தோட்டத்தின் பெயர் வேண்டாம்.