தலைக்கனம் என்றார் ஒருவர், கெஞ்சல் என்றார் இன்னொருவர்

மெய்ப்புத் திருத்துநர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதி, அனுப்புவதற்கு முன் இரண்டு பேரிடம் காட்டினேன். முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா, "கொஞ்சம் தலைக்கனம் தெரியுதும்மா" என்றார். அன்று மாலையே என் தோழி படித்துவிட்டு, "எதுக்குடி இப்படிக் கெஞ்சற?" என்று கேட்டாள். இரண்டு பேரும் படித்தது ஒரே கடிதம்தான்.

முதலில் நான் செய்தது தப்பு. அக்கா சொன்னதைக் கேட்டு இரண்டு இடத்தில் "தாழ்மையுடன்" சேர்த்தேன். தோழி சொன்னதைக் கேட்டு ஒரு "நிச்சயமாக" சேர்த்தேன். கடிதம் முன்பைவிட மோசமானது. ஒரு வரி நெஞ்சை நிமிர்த்தியது, அடுத்த வரி காலில் விழுந்தது.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு படி கொடுத்து, "எந்தச் சொல் உறுத்துகிறதோ அதன் கீழே மட்டும் கோடு போடுங்கள்" என்று கேட்டேன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் மனதில் தோன்றியதைத்தான் சொல்வார்கள். கோடு போடச் சொன்னால் இடம் தெரிந்துவிடும். தெரிந்தது. அக்கா கோடு போட்ட வாக்கியங்களுக்கு அடுத்தடுத்த வாக்கியங்களில்தான் தோழியின் கோடுகள் இருந்தன. உதாரணத்துக்கு ஒன்று:

"மெய்ப்புப் பார்ப்பதில் எனக்கு இணையான அனுபவம் உள்ளவர்கள் குறைவு. இருப்பினும் நான் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளம்."

முதல் வரியில் அக்காவின் கோடு, இரண்டாவதில் தோழியின் கோடு. பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டு, சொன்னது கூச்சமாக இருந்ததால் பணிவைப் போட்டு மூடியிருக்கிறேன். இரண்டு வரியிலுமே நான் எனக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒன்றில் கூட்டி, மற்றதில் குறைத்து. மதிப்பெண் போட வேண்டியது கடிதத்தைப் படிப்பவர். அவருக்கு வேண்டிய விவரம் இரண்டிலும் இல்லை.

இரண்டையும் அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "ஆறு ஆண்டுகளில் 43 நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஏழு, அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வு நூல்கள்." இதில் பெருமையும் இல்லை, பணிவும் இல்லை. இது அதிகமா குறைவா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

ரொம்ப நேரம் எடுத்தது அகராதி வேலையைப் பற்றிய வரி. முதலில் "ஓர் அகராதியைச் செம்மைப்படுத்தினேன்" என்று இருந்தது. மூன்று பேர் செய்த வேலை அது. அக்காவுக்கும் அது தெரியும், அவர் கோடு போட்டது நியாயம். "செம்மைப்படுத்தினோம்" என்று மாற்றினால் நான் என்ன செய்தேன் என்பது மறைந்துவிடும். "செம்மைப்படுத்தப்பட்டது" என்றால் யாருமே செய்யாத மாதிரி ஆகிவிடும். தமிழில் வினையின் கடைசி எழுத்துகளே ஆளைக் காட்டிவிடுவதால் இதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. கடைசியில், "ஓர் அகராதிப் பணியில் மூவர் இருந்தோம். தலைச்சொற்களின் அகரவரிசையையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களின் ஒற்றுப்பிழைகளையும் நான் பார்த்தேன்" என்று வைத்தேன். மற்றவர்களின் பங்கும் நிற்கிறது, என் பங்கும் நிற்கிறது.

தெரியாததைச் சொல்லும் இடமும் அப்படித்தான். "பக்க வடிவமைப்பு எனக்குத் தெரியாது, மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தேன். மன்னிக்க அதில் என்ன இருக்கிறது? "பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்ததில்லை. வடிவமைத்த பக்கங்களில் திருத்தம் குறித்துக் கொடுத்துப் பழக்கம் உண்டு" என்றால் வேலை கொடுப்பவருக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. "வாய்ப்பளித்தால் என்றென்றும் நன்றியுடையவளாக இருப்பேன்" என்ற முடிவும் போனது. "நேரில் பேச விரும்புகிறேன். வார நாள்களில் பிற்பகல் எனக்கு வசதி" என்பது போதும்.

இதற்காக "தங்கள்", "வணக்கம்", "நன்றி" எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவை படிப்பவருக்குத் தரும் மரியாதை. என்னைத் தாழ்த்திக்கொள்ளும் சொற்கள் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வெட்டினால் கடிதம் வெடுக்கென்று ஆகிவிடும். அதேபோல் எண்களை அடுக்கிக்கொண்டே போனாலும் பழைய பெருமை வேறு வழியில் வந்துவிடும். நான் 12 விவரங்கள் எழுதி, அந்த வேலைக்குச் சம்பந்தப்பட்ட நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சந்தேகமான வரிகளை, உடன் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி நான் எழுதுவதாக மாற்றிப் படித்துப் பார்த்தேன். "அவர் 43 நூல்கள் பார்த்திருக்கிறார்" என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. "அவருக்கு இணையானவர்கள் குறைவு" என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. "அவர் ஓர் எளிய முயற்சியாளர்" என்று யாரையும் நான் அறிமுகப்படுத்த மாட்டேன். அப்படிச் சொல்ல முடியாத வரிகளெல்லாம் போயின.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் இருவரிடமும் காட்டினேன். தோழி கோடே போடவில்லை. அக்கா ஒரே ஒரு இடத்தில் போட்டிருந்தார். நான் சேர்த்து, எடுக்க மறந்துபோன அந்த "நிச்சயமாக". அதை எடுத்துவிட்டு அனுப்பினேன்.