அந்த ‘விரைவில்’ எங்களுக்கு 1,540 யூரோ

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது.

தாராவியில் தோல் பை செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு பட்டறையில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். பதினோரு வருஷமாக இதே வேலைதான். கம்பெனிப் பெயர் வேண்டாம். முதலாளி திருநெல்வேலிக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. தொழிலில் நேர்மையானவர், தையல்காரர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி ஒரு நாள் தள்ளிப் போனதில்லை. ஆனால் சரக்கு தாமதமானால் வெளிநாட்டு பையருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“தவிர்க்க முடியாத காரணங்களால் துறைமுகத்தில் சற்றுத் தாமதம். பொறுத்துக்கொள்ளவும். சரக்கு விரைவில் கப்பலேறும்.” இதுதான் கடிதம், மொத்தமே இவ்வளவுதான். மும்பையில் எத்தனை ஆபீஸ்களில் இதே மூன்று வரியைப் பழைய ஃபைலிலிருந்து எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறேன்.

இந்த ஜூலையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஹாம்பர்க் பையருக்கு 280 பெட்டி, பெட்டிக்குப் பத்துப் பை, பை ஒன்று 11 யூரோ. மொத்தம் 30,800 யூரோ. பணம் எல்.சி.யில் வருகிறது, அதாவது சொன்ன தேதிக்குள் சரக்கைக் கப்பலேற்றிச் சரியான டாக்குமென்ட் கொடுத்தால் பையரின் வங்கியே பணத்துக்குப் பொறுப்பு. கடைசி ஷிப்மென்ட் தேதி ஜூலை 20, எல்.சி. காலாவதி ஆகஸ்ட் 10. கப்பல் 18-ஆம் தேதி நவசேவாவிலிருந்து கிளம்புகிறது. அந்தக் கப்பலுக்கான கன்டெய்னர் டெர்மினல் கேட்டுக்குள் நுழையக் கடைசி நேரம், அதாவது கட்-ஆஃப், 16-ஆம் தேதி புதன்கிழமை மாலை ஆறு மணி.

பெட்டிகள் சி.எஃப்.எஸ். கிடங்குக்கு 14-ஆம் தேதியே போயிருக்க வேண்டும். லைனிங் துணி தாமதம், அப்புறம் மழை, போய்ச் சேர்ந்தது 15-ஆம் தேதி ராத்திரி. மறுநாள் கஸ்டம்ஸ் பரிசோதனை முடிந்து, ஏற்றுமதிக்கு அனுமதி தரும் ‘லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர்’ கைக்கு வந்தபோது மணி நாலரை. அதற்கப்புறம்தான் கன்டெய்னரில் பெட்டிகளை ஏற்றவே முடியும். ஏற்றி, சீல் வைத்து டிரெய்லர் புறப்பட ஏழு மணி ஆகிவிட்டது. கேட்டில் எடுக்கவில்லை. கிளியரிங் ஏஜென்ட்டின் பையன் போனில் கத்துகிறான், பின்னால் மழைச் சத்தம், “சார், கேட் மூடிட்டாங்க, வண்டிய எங்க நிறுத்தச் சொல்றீங்க?” எட்டரை மணிக்குள் ஷிப்பிங் லைனிலிருந்து பதில் வந்துவிட்டது. சரக்கு அடுத்த கப்பலுக்கு மாற்றப்படுகிறது, ஜூலை 25.

அதாவது புதன் இரவே எங்களுக்கு எல்லாம் தெரியும். புதுக் கப்பல், புதுத் தேதி, எல்.சி. தேதியை ஐந்து நாள் தாண்டப் போகிறது என்பது வரை. வியாழன் காலையில் நான் கடிதத்தை எழுதி அண்ணாச்சி முன்னால் வைத்தேன். அவர் பேனாவை எடுத்து நான் போட்ட தேதிகளை எல்லாம் அடித்தார். “தேதிய எழுதினா பயந்திருவாம்ல. விரைவில்னு போடு தம்பி.” தாமதம் எங்கள் பக்கத்தில், கடிதத்தில் பழி துறைமுகத்தின் மேல். போனது அதே மூன்று வரிதான்.

சாயங்காலமே ஹாம்பர்க் பையரான அந்த ஜெர்மன் அம்மாவிடமிருந்து பதில். எந்தக் கப்பல், எந்தத் தேதி, எல்.சி.யைத் திருத்த வேண்டுமா? மூன்றே கேள்வி, மூன்றும் நியாயம். திருத்தம் வேண்டுமானால் அவர் தன் வங்கிக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அந்த வங்கி இங்கே எங்கள் வங்கிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை முழுசாகக் கையில் இருந்தது. அண்ணாச்சி சொன்னார், “20 ஞாயித்துக்கிழமைல்லா? பேங்க் லீவு. திங்கள் வரைக்கும் கணக்கு இருக்கு.”

இல்லை! தொண்டை கிழியச் சொன்னேன், இல்லை என்று. எல்.சி.க்கெல்லாம் பொதுவான விதித்தொகுப்பு யூ.சி.பி. 600. அதில் 29-ஆம் பிரிவைப் படியுங்கள். காலாவதித் தேதி வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளும். ஷிப்மென்ட் தேதி தள்ளாது, அதைத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். தள்ளினால்தான் என்ன, கப்பல் 25-ஆம் தேதி அல்லவா கிளம்புகிறது? சரக்கு கப்பலேறியதற்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் 25 என்று விழுந்தால் வங்கி ‘லேட் ஷிப்மென்ட்’ என்று குறை எழுதும். அப்புறம் பணம் தருவதும் தராததும் பையர் சம்மதிப்பதைப் பொறுத்துப் போய்விடுகிறது. எல்.சி. வாங்கி வைத்தும் கடைசியில் அவர் தயவில் நிற்கிறோம்.

இதற்கு நடுவில் ஒருவர் வந்து யோசனை சொல்கிறார், சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்டான ஃபார்வர்டரிடம் பேசி அந்த பில்லில் 19-ஆம் தேதி போட வைக்கலாமாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது மோசடி. கன்டெய்னர் நம்பர் பையர் கையில் இருக்கிறது. ஷிப்பிங் லைன் இணையதளத்தில் அதைத் தட்டினால் எந்த நாள் கேட்டுக்குள் போனது, எந்த நாள் கப்பலில் ஏறியது எல்லாம் வரும். அண்ணாச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அந்த மட்டில் அவர் மனுஷர். ஆனால் அதே தளத்தைத்தானே ‘துறைமுகத்தில் சற்றுத் தாமதம்’ என்று நாம் எழுதிய அன்றைக்கும் அந்த அம்மா பார்த்திருப்பார்? கன்டெய்னர் கேட்டுக்குள்ளேயே போகவில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும்.

திங்கள்கிழமை, 21-ஆம் தேதி, என்னை எழுத விட்டார். அன்றைக்கு நான் எழுதியது இதுதான். பெட்டிகள் கிடங்குக்குத் தாமதமாகப் போனது எங்கள் தவறு. 16-ஆம் தேதி கட்-ஆஃபைத் தவறவிட்டோம். புதுக் கப்பலின் பெயர் இது, கிளம்புவது 25, ஷிப்பிங் லைன் அனுப்பிய கடிதத்தை இணைத்திருக்கிறோம். ஷிப்மென்ட் தேதியை ஆகஸ்ட் 5-க்கும் காலாவதியை ஆகஸ்ட் 26-க்கும் நீட்டித்துத் தாருங்கள், திருத்தக் கட்டணம் எங்களுடையது. 25 என்று கேட்காமல் 5 என்று கேட்டதற்குக் காரணம், மழைக்காலத்தில் அடுத்த கப்பலும் இரண்டு நாள் பிந்தலாம், மறுபடி போய் நிற்க முடியாது. காலாவதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கப்பலேறி 21 நாளுக்குள் டாக்குமென்ட் கொடுக்கலாம் என்று விதி இருந்தாலும் காலாவதியைத் தாண்டக் கூடாது. பழைய காலாவதியே இருந்தால், ஆகஸ்ட் 10 ஞாயிறு என்று திங்களுக்குத் தள்ளினாலும் எங்களுக்கு 17 நாள்தான்.

திருத்தித் தந்தார். ஆனால் ஐந்து சதவீதம் தள்ளுபடி கேட்டார். வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன், உங்கள் பதிலுக்குக் காத்திருந்ததில் கடைகளுக்குத் தவறான வாரத்தைச் சொல்லிவிட்டேன் என்று வெளிப்படையாகவே எழுதினார். 1,540 யூரோ போனது. தாமதத்துக்காக அந்தப் பணம் போகவில்லை ஐயா, நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகப் போனது! பை ஒன்றுக்குக் கூலியில் இரண்டு ரூபாய் ஏற்றிக் கேட்ட தையல்காரரிடம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அதே வாரம்தான் சொன்னோம். அந்தக் கணக்கு என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நாளை மறுநாள் இன்னொரு கன்டெய்னர், கட்-ஆஃப் மாலை நாலு மணி. வெளியே மழை கொட்டுகிறது. கடிதத்தை இப்போதே அடித்து வைத்துவிட்டேன், கப்பல் பெயருக்கும் இரண்டு தேதிகளுக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். வண்டி கேட்டில் திரும்பினால் அன்றைக்கு ராத்திரியே அது போகும், அண்ணாச்சி பேனாவுக்கு நான் காத்திருக்கப் போவதில்லை.